குறிப்பு இருந்தும் வரைபடம் தவறாகப் படிக்கப்படுகிறதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

பெங்களூரில் ஏழு கடைகள், ஓசூரில் ஒன்று, கூடவே ஓர் இணையதளம். இனிப்பும் காரமும் விற்கும் இந்த வியாபாரத்துக்கு விற்பனை அறிக்கை தயாரிப்பது என் வேலை. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பைத்தான் நிரல் தானாக ஓடும். முந்தைய ஞாயிறு வரைக்குமான வரைபடங்கள் முதலாளிக்கும், கொள்முதல் பார்க்கும் அக்காவுக்கும், கடை மேலாளர்களுக்கும் மின்னஞ்சலில் போய்ச் சேரும். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். வரைபடத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

2025 நவம்பர் 3 காலை ஏழு மணிக்கு முதலாளியின் அழைப்பு வந்தது. "தம்பி, போன வாரம் பாதிக்குப் பாதி விழுந்திருக்கே, எந்தக் கடையில கோளாறு?" என்றார். "ஒரு கடையிலயும் இல்ல அண்ணாச்சி, தீபாவளி இந்த வருஷம் முன்னாடியே வந்துடுச்சு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அக்கா அந்த வார நெய் ஆர்டரைப் பாதியாகக் குறைத்து அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை மைசூர்பாகு போட நெய் இல்லை. வரைபடத்தில் தீபாவளி நாளைக் காட்டும் குறிப்பாக ஒரு செங்குத்துக் கோடு போட்டிருந்தேன். அந்தக் கோடு இருந்தும் இது நடந்தது. எந்த அறிகுறிக்கு எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகு தேடியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். தொகைகளைக் கணக்குக்கு வசதியாக மாற்றியிருக்கிறேன். தேதிகள் உண்மையானவை.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பண்டிகைத் தேதிகள் நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தால், அவற்றை வெளியே எடுத்து ஒரே அட்டவணையில் வையுங்கள். சலுகை நடத்துபவரே திறந்து திருத்தக்கூடிய விரிதாளாக அது இருக்க வேண்டும். எங்களுடையது இப்படி இருக்கிறது:

```
id,start,end,scope,status,label
dp25a,2025-10-10,2025-10-20,ALL,actual,தீபாவளிக்கு முந்தைய 10 நாளும் பண்டிகையும்
dp25b,2025-10-21,2025-10-24,ALL,actual,தீபாவளிக்குப் பிந்தைய 4 நாள்
gc25,2025-08-23,2025-08-27,BLR,planned,பிள்ளையார் சதுர்த்தி காம்போ சலுகை
```

`scope` எந்தக் கடைகளுக்கு என்பதைச் சொல்கிறது, `status` திட்டமா நடந்ததா என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டும் ஏன் வேண்டும் என்பது போகப்போகத் தெரியும்.

## அறிகுறி: கோடு போட்டிருக்கிறது, ஆனாலும் "ஏன் ஏறியது?" என்று கேட்கிறார்கள்

கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பண்டிகை நாளில்தான் நிற்கும். விற்பனை மேடு அதற்கு முன்பே வந்து போயிருக்கும். தீபாவளியன்று மதியத்துக்கு மேல் எங்கள் கடைகளில் கூட்டமே இருக்காது. வாங்க வேண்டியதை முந்தைய வாரத்திலேயே எல்லாரும் வாங்கியிருப்பார்கள். ஆகவே இறங்குமுகத்தில் ஒரு கோடும் அதன் பக்கத்தில் "தீபாவளி" என்ற எழுத்தும் இருந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு "தீபாவளியன்று விற்பனை விழுந்தது" என்றுதான் படும்.

கோட்டுக்குப் பதில் பட்டை போடுங்கள். பட்டை எத்தனை நாள் அகலம் என்பதை ஊகிக்க வேண்டாம், பழைய தரவே சொல்லிவிடும். ஒவ்வொரு நாளையும் தேதியால் அடையாளம் காட்டாமல், தீபாவளியிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள்:

```python
diwali = {2023: "2023-11-12", 2024: "2024-10-31", 2025: "2025-10-20"}
d["year"] = d["date"].dt.year
d["rel"] = (d["date"] - pd.to_datetime(d["year"].map(diwali))).dt.days
```

அப்புறம் எந்தப் பண்டிகையும் சலுகையும் இல்லாத வாரங்களை மட்டும் எடுத்து, திங்களுக்குத் திங்கள், சனிக்குச் சனி என்று கிழமை வாரியாக இடைநிலை மதிப்பு கண்டுபிடியுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு பெரிய கல்யாண ஆர்டர் அதை இழுத்துவிடும், ஆகவே இடைநிலை. ஒவ்வொரு நாளின் விற்பனையையும் அதே கிழமையின் இடைநிலையால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அது 1.25-ஐத் தாண்டித் தொடர்ந்து மேலேயே நிற்கத் தொடங்கும் நாள்தான் பட்டையின் ஆரம்பம். எங்களுக்கு 2023-இல் அது பண்டிகைக்கு ஒன்பது நாள் முன்பும், 2024-இல் பத்து நாள் முன்பும் வந்தது. பத்து என்று வைத்துக்கொண்டோம். உங்கள் வியாபாரத்துக்கு வேறு எண் வரும். நகைக்கும் துணிக்கும் இனிப்புக்கும் ஒரே அகலம் பொருந்தாது.

பின்பக்கத்தையும் விடாதீர்கள். பண்டிகைக்கு மறுநாளிலிருந்து நான்கு நாள் விகிதம் 0.8-க்குக் கீழே கிடந்தது. வீடு முழுக்கப் பலகாரம் இருக்கும்போது யார் கடைக்கு வருவார்கள்? ஏற்றத்துக்கு விளக்கம் தந்துவிட்டு இறக்கத்தை வெறுமனே விட்டால், பயம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதனால்தான் மேலே அட்டவணையில் `dp25b` என்று தனி வரி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கம்பெனிகளுக்குப் போகும் பரிசுப் பெட்டிகளின் மொத்த ஆர்டர் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே பில் ஆகிவிடும். அதையும் கடை விற்பனையோடு கலந்து கணக்கிட்டால் பட்டை இருபது நாளுக்கு நீளும், அவ்வளவு நீளப் பட்டை எதையும் சொல்லாது. மொத்த ஆர்டரைத் தனி வரைபடமாகப் பிரித்துவிடுங்கள்.

## அறிகுறி: ஒரு வாரம் 148% ஏற்றம், இரண்டு வாரம் கழித்து 50% இறக்கம்

அந்த நவம்பர் அழைப்புக்குக் காரணம் இதுதான். அறிக்கையில் "சென்ற ஆண்டு இதே வாரம்" என்று ஒரு கோடு உண்டு. 2025 அக்டோபர் 13 முதல் 19 வரை 62 லட்சம் விற்பனை. சென்ற ஆண்டின் அதே வாரம் 2024 அக்டோபர் 14 முதல் 20 வரை, அப்போது 25 லட்சம். 148% ஏற்றம். அடுத்து 2025 அக்டோபர் 27 முதல் நவம்பர் 2 வரை 22 லட்சம். சென்ற ஆண்டு அக்டோபர் 28 முதல் நவம்பர் 3 வரை 44 லட்சம். சரிபாதி இறக்கம்.

இரண்டு எண்களும் கணக்குப்படி சரி. இரண்டும் தவறான கேள்விக்கான விடைகள். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பதினோரு நாள் முன்னே வந்துவிட்டது. முதல் வாரத்தில் இந்த ஆண்டின் உச்சத்தைச் சென்ற ஆண்டின் சாதாரண நாட்களோடு ஒப்பிட்டோம். கடைசி வாரத்தில் இந்த ஆண்டின் சாதாரண நாட்களைச் சென்ற ஆண்டின் உச்சத்தோடு ஒப்பிட்டோம்.

மேலே எண்ணிய `rel` இங்கேயும் உதவும். தீபாவளிக்கு முந்தைய ஏழு நாள், 2025-இல் அக்டோபர் 13 முதல் 19 வரை 62 லட்சம். 2024-இல் அதே ஏழு நாள் அக்டோபர் 24 முதல் 30 வரை, 56 லட்சம். ஏற்றம் சுமார் 11%. பண்டிகை கழிந்து ஏழாம் நாள் முதல் பதின்மூன்றாம் நாள் வரை பார்த்தால், 2025-இல் 22 லட்சம். 2024-இல் நவம்பர் 7 முதல் 13 வரை 21 லட்சம். இறங்கவே இல்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. நெய் ஆர்டரைக் குறைக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை.

இதைக் குறிப்பாக எழுதும்போது பட்டை மட்டும் போதாது. வாசகர் பார்ப்பது அந்தச் சதவீதத்தை. ஆகவே செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் பாதி வரை "சென்ற ஆண்டு இதே வாரம்" என்ற கோட்டையே எடுத்துவிட்டு, "சென்ற ஆண்டு, தீபாவளியிலிருந்து இதே தூரம்" என்று போடுகிறேன். சென்ற ஆண்டுக் கோட்டின் மேலும் அதன் பண்டிகைத் தேதியைக் குறிக்கிறேன்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 தீபாவளி வியாழன், 2025 தீபாவளி திங்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் 2024-இல் புதன், 2025-இல் ஞாயிறு. நாளுக்கு நாள் ஒப்பிட்டால் வார இறுதிக் கூட்டம் வந்து கலக்கும். ஏழு நாள் தொகையாகச் சேர்த்தால் ஒவ்வொரு கிழமையும் ஒருமுறை வந்துவிடும். இந்த ஒப்பீட்டை ஏழு நாளுக்குக் குறைவாகச் செய்யாதீர்கள்.

## அறிகுறி: இந்த ஆண்டு ஒன்றுமே இல்லை, ஆனாலும் ஏற்றம் காட்டுகிறது

சென்ற ஆண்டில் போய்ப் பாருங்கள். 2023 செப்டம்பர் 26 பெங்களூர் பந்த், 29 கர்நாடக பந்த், இரண்டும் காவிரிக்காக. ஒரே வாரத்தில் இரண்டு நாள் ஷட்டர் இறக்கினோம். 2024-இல் அந்த வாரம் வந்தபோது எல்லாக் கடையும் அமோகமாக வளர்ந்ததுபோல் தெரிந்தது. ஒரு கடை மேலாளர் ஊக்கத்தொகைகூடக் கேட்டார்.

நடப்பு ஆண்டுக் குறிப்புகளை மட்டும் வரைகிற நிரல் இதைக் காட்டாது. ஒப்பிடும் இரண்டு காலங்களுக்கும் அட்டவணையிலிருந்து குறிப்பு எடுக்க வேண்டும். பந்த், மழையால் மூடியது, ஓட்டுப்பதிவு நாள் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். எந்த விடுமுறைப் பட்டியலிலும் இவை பின்னால் கிடைக்காது.

அரசு விடுமுறைப் பட்டியலை அப்படியே இறக்கி வைத்தாலும் வேலை முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரமகாலட்சுமி நோன்பு கர்நாடகத்தின் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. எங்களுக்கோ அது ஆகஸ்டின் மிகப் பெரிய நாள். பட்டியலில் இருக்கும் பல நாட்களில் எங்கள் கோடு அசையாமல் போகும். அப்படிப்பட்ட நாட்களுக்குக் குறிப்புப் போடாதீர்கள். எட்டுக் குறிப்பு இருந்தால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள்.

## அறிகுறி: மேடு ஒரு நாள் முன்னே, குறிப்பு ஒரு நாள் பின்னே

இணையதள விற்பனையில் மட்டும் இது வந்தால், நேர மண்டலத்தைச் சந்தேகப்படுங்கள். எங்கள் சுதந்திர தினச் சலுகை ஆகஸ்ட் 15 நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கும். ஆர்டர்கள் தரவுத்தளத்தில் யுடிசி நேரத்தில் பதிவாகின்றன. இந்திய நள்ளிரவு யுடிசியில் முந்தைய நாள் மாலை 6:30. ஆகவே முதல் ஐந்தரை மணி நேர விற்பனை முழுவதும் ஆகஸ்ட் 14 கணக்கில் விழுந்தது. வரைபடத்தைப் பார்த்தவர்கள், சலுகை தொடங்குவதற்கு முன்பே மேடு வந்திருக்கிறதே, அப்படியானால் சலுகைக்கே அவசியமில்லை என்று பேசத் தொடங்கினார்கள்.

உறுதிசெய்ய, அந்த ஒரு நாளை மணி வாரியாக விரித்துப் பாருங்கள். மூலத் தரவில் 18:30-இலிருந்து திடீரென ஏறினால் விடை இதுதான். போஸ்ட்கிரஸில் நேரப்பத்தியின் வகை `timestamp` என்றால் திருத்தம் இப்படி:

```sql
SELECT (created_at AT TIME ZONE 'UTC'
        AT TIME ZONE 'Asia/Kolkata')::date AS day,
       SUM(amount)
FROM orders GROUP BY 1;
```

பத்தியின் வகை `timestamptz` என்றால் `AT TIME ZONE 'Asia/Kolkata'` ஒன்றே போதும். அதற்கும் இரண்டு முறை எழுதினால் நேரம் எதிர்ப்பக்கம் நகர்ந்து, பிழை இன்னும் பெரிதாகும். திருத்துவதற்கு முன் பத்தியின் வகையைப் பார்த்துவிடுங்கள்.

கடை விற்பனையிலும் நகர்வு தெரிந்தால் காரணம் வரைதலில் இருக்கும். வாரத் தொகை எடுக்கப் பாண்டாஸில் `resample("W")` என்று எழுதினால், திங்கள் முதல் ஞாயிறு வரைக்குமான தொகை கடைசி ஞாயிறின் பெயரில் நிற்கும். 2025 தீபாவளி திங்கட்கிழமை. அதன் கோடு அக்டோபர் 20-இல் நிற்கும், அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் புள்ளியோ 19-ஆம் தேதி. தீபாவளி நாளின் பணமோ 26-ஆம் தேதிப் புள்ளிக்குள் இருக்கிறது. வார வரைபடத்தில் நாள் கோடு வேண்டாம். அந்த வாரத்தின் பட்டைக்கே வேறு நிறம் கொடுங்கள்.

ஒரே நாள் குறிப்பு மட்டும் கண்ணுக்கே தெரியவில்லை என்றால், `start`, `end` இரண்டும் ஒரே தேதியாக இருக்கும், அகலம் பூஜ்யம். இரண்டு பக்கமும் அரை நாள் சேர்த்தால், அந்த நாளின் புள்ளி பட்டைக்கு நடுவில் வந்து உட்காரும்:

```python
half = pd.Timedelta(hours=12)
ax.axvspan(ev.start - half, ev.end + half, color="0.9", zorder=0)
```

## அறிகுறி: குறிப்பு "சலுகை" என்கிறது, கோடு அசையவில்லை

சலுகை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அது நடந்ததா என்று பாருங்கள். 2025 பிள்ளையார் சதுர்த்தி ஆகஸ்ட் 27. ஆகஸ்ட் 23-இலிருந்து காம்போ சலுகை என்று திட்டம். ஜெயநகர் கடைக்குப் பெட்டிகள் தாமதமாக வந்ததால், அங்கே 25-ஆம் தேதிதான் ஆரம்பித்தார்கள். அறிக்கை மட்டும் எல்லாக் கடைக்கும் 23 என்றே வரைந்தது. "ஜெயநகரில் சலுகை எடுபடவில்லை" என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது அந்த மேலாளரின் முகம் வாடியதை நான் பார்த்தேன். இல்லாத இரண்டு நாளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

திட்டத் தேதியை நம்பாமல் பில்லையே கேளுங்கள். காம்போவுக்குப் பில்லிங் மென்பொருளில் தனிக் குறியீடு கொடுங்கள். அந்தக் குறியீடு உள்ள பில்கள் ஒவ்வொரு கடையிலும் எந்த நாளில் முதலில், எந்த நாளில் கடைசியாக வந்தன என்று நிரல் பார்க்கட்டும். சோதனைக்காக யாராவது முன்கூட்டியே ஒன்றிரண்டு பில் போடுவார்கள், ஆகவே ஒரு நாளில் ஐந்து பில்லுக்குமேல் வந்தால்தான் தொடக்கம் என்று கொள்கிறேன். கிடைத்த தேதியை அட்டவணையில் கடை வாரியாக எழுதி, `status` பத்தியை `actual` ஆக்கிவிடலாம். இன்னும் `planned` ஆக இருப்பவற்றை நிரப்பாமல் வெறும் கோட்டுச் சட்டமாக வரைந்து, "திட்டம்" என்று எழுதுகிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

## அறிகுறி: மொத்த வரைபடம் சரி, ஓசூர் மட்டும் புரியவில்லை

மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டியதும் நாட்காட்டி மாறிவிடுகிறது. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் பெங்களூரில் விடுமுறை, ஓசூரில் சாதாரண நாள். பொங்கலுக்கு ஓசூர்க் கடை பொங்கல், மாட்டுப் பொங்கல் இரண்டு நாளும் மூடியிருக்கும். பெங்களூரில் சங்கராந்திக்கு எள்ளு-வெல்லம் விற்பனை நன்றாக ஓடும், ஆனால் அல்சூர்க் கடையில் மட்டும் சரிவு இருக்கும். அங்கே வாங்குபவர்களில் பலர் தமிழர்கள், அந்த நான்கு நாள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே `scope` பத்தியில் `ALL`, `BLR`, `HSR` மட்டும் போதாமல், கடைக் குறியீட்டையும் ஏற்கும்படி வைத்திருக்கிறேன். மொத்த வரைபடத்தில் `ALL` குறிப்புகள் மட்டும் வரும். ஒரே ஒரு கடையின் குறிப்பை மொத்தத்தில் போட்டால், எல்லாக் கடைக்கும் அதுவே காரணம் என்று படித்துவிடுகிறார்கள்.

## அறிகுறி: தமிழ்க் குறிப்பு கட்டம் கட்டமாக அல்லது எழுத்து இடம்மாறி வருகிறது

கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்ததும் கட்டங்கள் போய்விடும். ஆனால் நாங்கள் ஓட்டும் பதிப்பில் அப்புறம் வேறு தொல்லை வந்தது. "பொங்கல்" என்பதில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துரு சரிதான், எழுத்துகளைக் கோத்து இடம் மாற்றி அடுக்கும் வேலையை அந்தப் பதிப்பு செய்வதில்லை.

இதோடு நீண்ட நேரம் போராடினேன். கடைசியில் எழுத்தையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன். பட்டைக்கு மேலே 1, 2, 3 என்று எண் மட்டும்:

```python
ax.text(mid, 1.01, str(n), transform=ax.get_xaxis_transform(),
        ha="center", va="bottom")
```

`get_xaxis_transform` கொடுத்தால் எண் எப்போதும் சட்டத்தின் மேல் விளிம்பிலேயே நிற்கும். விற்பனை எவ்வளவு ஏறினாலும் கோட்டோடு மோதாது. எண்ணுக்கான விளக்கம் மின்னஞ்சலில் படத்துக்கு அடியில் சாதாரண எழுத்தாகப் போகிறது. அதைத் திறக்கும் செயலி தமிழை ஒழுங்காகக் காட்டும். கைப்பேசியில் படம் சுருங்கினாலும் விளக்கம் சுருங்காது என்பது நான் எதிர்பாராத நன்மை.

அந்த விளக்கத்தில் என்ன எழுதுவது என்பதில் கவனம் தேவை. "தீபாவளியால் ஏற்றம்" என்று எழுதாதீர்கள், "தீபாவளிக்கு முந்தைய 10 நாள்" என்று மட்டும் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றுதான் நவராத்திரி தொடங்கியது. அன்றுதான் நெய்க்கும், பொதியில் விற்கும் மிக்சர் போன்ற கார வகைகளுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5-ஆகக் குறைந்தது. கார வகை விற்பனை ஏறியது. எது எவ்வளவு ஏற்றியது என்று இந்த வரைபடத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கீழே எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

## அறிகுறி: யாருமே கேள்வி கேட்பதில்லை

இதை ஓர் அறிகுறியாக நான் முதலில் நினைக்கவில்லை. குறிப்புகள் நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் இது வந்தது.

2025 அக்டோபர் 1 ஆயுத பூஜை. கே.ஆர்.புரம் கடையில் அன்று வழக்கத்தைப்போல் இரண்டரை மடங்கு விற்பனை. சாம்பல் பட்டைக்குள் உயரமான மேடு, மேலே எண், கீழே "ஆயுத பூஜை". எல்லாரும் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள், நானும்தான். பன்னிரண்டு நாள் கழித்து, வங்கியில் வந்து சேர்ந்த தொகையோடு பொருந்தவில்லை என்று கணக்குப் பிரிவிலிருந்து கேட்டார்கள். அன்று மாலை அந்தக் கடையில் இணையம் அறுந்து மீண்டும் வந்திருக்கிறது. பில்லிங் இயந்திரம் மாலை நேரப் பில்களை இரண்டாம் முறையும் அனுப்பியிருக்கிறது. உண்மை விற்பனை ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். குறிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்த வாரமே யாராவது கேட்டிருப்பார்கள்.

பட்டைக்குள் இருக்கும் நாட்களுக்குச் சோதனை அதிகம் வேண்டும். முதல் சோதனை எளிது:

```sql
SELECT shop, bill_date, bill_no, COUNT(*)
FROM bills
GROUP BY shop, bill_date, bill_no
HAVING COUNT(*) > 1;
```

ஆனால் சில இயந்திரங்கள் மறுபடி அனுப்பும்போது புது எண் போட்டுவிடும், அப்போது இது பிடிக்காது. ஆகவே பில்களின் எண்ணிக்கையையும் சராசரி பில் தொகையையும் சேர்த்துப் பாருங்கள். ஆயுத பூஜைக்கு அலுவலகங்களும் பட்டறைகளும் பொரி, கடலை, இனிப்பு என்று மொத்தமாக வாங்குவதால், சராசரி பில் தொகை எங்களுக்கு எப்போதும் ஏறும். பெங்களூரின் மற்ற ஆறு கடைகளில் அன்று ஏறியிருந்தது. கே.ஆர்.புரத்தில் பில்களின் எண்ணிக்கை மற்றக் கடைகளைவிட மிகவும் எகிறியிருந்தது, ஆனால் சராசரி அவற்றின் அளவிலேயே இருந்தது. இரட்டிப்பான பில் எண்ணிக்கையையும் தொகையையும் சேர்த்தே பெருக்கும், சராசரியை அதிகம் அசைக்காது. சராசரி இயல்பாகத் தெரிவதால் மட்டும் தரவு சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கை ஒரு கடையில் மட்டும் தனித்து நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நிரல் ஒவ்வொரு பட்டைக்கும், ஒவ்வொரு கடைக்கும், சென்ற ஆண்டு அதே பண்டிகையில் அந்தக் கடை எத்தனை மடங்கு விற்றது என்று எடுத்துக்கொள்கிறது. இந்த ஆண்டின் மடங்கு அதிலிருந்து 30 விழுக்காட்டுக்குமேல் விலகினால், குறிப்பின் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி வரும். கீழே விளக்கத்தில் "பண்டிகை இருந்தாலும் சென்ற ஆண்டைவிட அதிக விலகல், பில்களைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரி சேரும். 30 என்பது எட்டுக் கடையின் இரண்டு ஆண்டுத் தரவை வைத்து வந்த எண். புதிதாகத் திறந்த கடைக்குச் சென்ற ஆண்டு இல்லாததால், மற்றக் கடைகளின் இடைநிலை மடங்கை வைத்துக்கொள்கிறது. பொங்கலுக்கு அல்சூர்க் கடை வேறு மாதிரி நடப்பதுபோல் ஒரு புதுக் கடையும் நடந்தால் அந்தக் கேள்விக்குறி வீணாக வரும். அப்போது கடை மேலாளரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் சொன்னதை அட்டவணையில் அந்தக் கடையின் `scope` போட்டு எழுதிவிடுகிறேன்.